சியாவும் சப்ஜாவும்: கடையில் வாங்குவதிலிருந்து தொண்டையில் சிக்காமல் சாப்பிடுவது வரை

அம்மாவுக்கு நாள்பட்ட மலச்சிக்கல். உணவியல் ஆலோசகர் “தினமும் ஒரு ஸ்பூன் சியா” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். எதில் ஊற வைப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று ஒன்றும் அதில் இல்லை. கடையில் சியா கேட்டால் சப்ஜாவை நிறுத்துக் கொடுத்து “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்றார்கள். வீடியோக்களில் ஒருவர் 10 நிமிடம் என்றார், இன்னொருவர் ராத்திரி முழுக்க என்றார், மூன்றாமவர் அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டினார். அம்மாவுக்கோ மாத்திரை விழுங்குவதே சிரமம். மருத்துவரிடமும் கேட்டு, சமையலறையிலும் செய்து பார்த்து ஒரு முறைக்கு வந்து சேர்ந்தோம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக அதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. யார் சாப்பிடுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்

இரண்டு விதைகளுமே தண்ணீரை இழுத்து, மேலே வழவழப்பான கூழ் உறை கட்டுபவை. சியா தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அந்த வீக்கம் டம்ளரில் நடந்து முடிந்தால் நல்லது. உணவுக்குழாயில் நடந்தால் ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் இரைப்பைக் குடல் மருத்துவர்கள் சங்கக் கூட்டத்தில் 2014-இல் ஒரு நோயாளியைப் பற்றி அறிக்கை வைத்தார்கள். அவர் 39 வயது ஆண். ஒரு மேசைக்கரண்டி சியாவை உலர்ந்தபடியே விழுங்கி, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறார். விதை வயிற்றுக்குப் போகும் முன்பே உணவுக்குழாயில் ஊறி, கூழ் உருண்டையாக அடைத்துக்கொண்டது. வழக்கமான எண்டோஸ்கோப்பிக் குழாயால் அதைத் தாண்ட முடியவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் மெல்லிய குழாயை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூழை வயிற்றுக்குள் தள்ளினார்கள். அவருக்கு அதற்கு முன்பே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

எனவே கீழே சொல்கிறவர்களில் யாராவது இருந்தால், விதை வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்: சாப்பாடு நெஞ்சில் நிற்கிற மாதிரி இருப்பவர்கள், மாத்திரை விழுங்கத் தடுமாறுபவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், உணவுக்குழாய் சுருக்கம் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் அல்லது குடலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள். பேசும்போது “சியா சாப்பிடலாமா” என்று மட்டும் கேட்காதீர்கள். “தண்ணீரில் ஊறி வீங்கும் விதை, இவருக்கு விழுங்கும்போது இன்னது ஆகிறது” என்று சொல்லுங்கள். அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும். பழைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். நார்ச்சத்து அதிகமானால் அந்த மாத்திரை உடம்பில் சேருவது குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த விதைகளைப் பானத்தில் மிதக்கவிட்டுக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊறிய சப்ஜா வழுக்கிக்கொண்டு போகும். குழந்தை சிரிக்கும்போதோ ஓடும்போதோ அது தப்பான வழியில் இறங்கினால் போதும். அகலமான ஸ்ட்ரா போட்ட ஃபலூடாவும் ரோஸ்மில்க்கும் இன்னும் மோசம், வேகமாக உறிஞ்சினால் விதைகள் நேராகத் தொண்டையின் பின்பக்கத்தில் போய் அடிக்கும். பெரிய பிள்ளைகளுக்கும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு ஸ்பூன் கொடுங்கள்.

2. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை. துளசி இனம். நாட்டு மருந்துக் கடையிலும் மளிகையிலும் கிடைக்கும். சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இப்போது மைசூர்ப் பக்கத்திலும் விளைகிறது. நான் வாங்கும் இடங்களில் இரண்டுமே 100 கிராம் 40 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்குள் இருக்கின்றன. வெளிநாட்டுச் சியா என்றால் இன்னும் கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்கு நான் ஒரு பலனும் பார்க்கவில்லை.

பாக்கெட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். இரண்டு, பேக் செய்த தேதி. சியாவில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் பழசானால் காறிப்போகும். மூன்று, தாவரவியல் பெயர். சியா என்றால் சால்வியா ஹிஸ்பானிகா, சப்ஜா என்றால் ஓசிமம் பேசிலிக்கம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். சில பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

இலங்கைத் தமிழர்கள் சப்ஜாவைக் கசகசா என்று சொல்வார்கள். குருமாவுக்கு அரைக்கும் கசகசா வேறு விதை, அது ஊறி வீங்காது. கொழும்பிலோ டொராண்டோவிலோ இலங்கைக் கடைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

3. வீட்டுக்கு வந்ததும் டம்ளர் சோதனை

உலர்ந்த விதையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சப்ஜா ஒரே சீரான கறுப்பு, பளபளப்பு இருக்காது, ஒரு முனை லேசாகக் கூராக இருக்கும். சியா நீள்உருண்டையாக, வழுவழுவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று புள்ளியும் கோடுமாகக் காடை முட்டை ஓடு மாதிரி தெரியும். நடுவில் சில வெள்ளை விதைகளும் கிடக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து அரை டீஸ்பூன் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். சப்ஜா என்றால் உடனேயே வேலை ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு வளையம் விரியும். ஐந்து நிமிடத்தில் தவளை முட்டைக் கூட்டம் போலத் தனித்தனியாகத் தெரியும். சியா அவ்வளவு அவசரப்படாது. அதன் உறை மெல்லியது, நிறமில்லாதது. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் திட்டாக உட்காரும், சுற்றியிருக்கும் தண்ணீரும் மெதுவாகக் கெட்டிப்படும்.

4. ஊற வைப்பது

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். சிக்கல் எல்லாம் இங்கேதான்.

அளவு: சப்ஜா ஒரு டீஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி. சியா ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 12 கிராம் வரும், அதற்கும் குறைந்தது 200 மில்லி. பத்து மடங்கு என்று கணக்குப் போட்டால் 120 மில்லி போதும் என்று தோன்றும். ஆனால் விதை குடித்தது போக மேலே கொஞ்சம் தண்ணீர் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் விதைக்கு இன்னும் தாகம் இருக்கிறது என்று அர்த்தம், மீதியை அது உள்ளே போய்க் குடிக்கும்.

தண்ணீரை முதலில் எடுத்து, கிளறிக்கொண்டே விதையைத் தூவுங்கள். விதையைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். இந்தக் கட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெளிப்பக்கம் கூழாகிவிடுவதால் உள்ளே தண்ணீர் போக வழி இருக்காது. மேலே பார்த்தால் ஊறியது போலத்தான் இருக்கும். பிளந்து பார்த்தால் நடுவில் உலர்ந்த விதை அப்படியே கிடக்கும். ஆகவே போட்டதும் ஒரு முள்கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கலக்குங்கள். ஸ்பூனைவிட முள்கரண்டிதான் திட்டை உடைக்கும்.

நேரம்: சாதாரணத் தண்ணீரில் சப்ஜாவுக்கு 15 முதல் 20 நிமிடம். சியாவுக்கு அவசரத்துக்கு அரை மணி நேரம், நிதானமாக என்றால் 2 மணி நேரம், ராத்திரி ஊற வைத்துக் காலையில் எடுத்தால் இன்னும் நல்லது. இளஞ்சூட்டுத் தண்ணீர் என்றால் இரண்டுமே சீக்கிரம் ஊறும். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மெதுவாகத்தான்.

வீடியோக்களில் ஆளுக்கொரு நேரம் சொல்வதற்குக் காரணம், எதில் ஊற வைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான். சர்பத்தில் இருக்கும் சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் உப்பும்கூட உறை விரிவதைக் குறைக்கும். பாலில் மெதுவாகும், தயிரில் இன்னும் மெதுவாகும். நன்னாரி சர்பத்தில் உலர்ந்த சப்ஜாவைத் தூவிவிட்டு 15 நிமிடம் காத்திருந்தால், பாதி விதை வளையமே கட்டாமல் கிடக்கும். எதில் கலந்து சாப்பிடுவதாக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரில் முழுசாக ஊற வையுங்கள், அப்புறம் கலக்குங்கள். பாலிலேயே போட்டுச் செய்யும் சியா புட்டிங் வேண்டும் என்றால் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

கடிகாரத்தை மட்டும் நம்பாமல் மூன்று விதமாகச் சரிபாருங்கள். டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உறை இல்லாத மொட்டை விதை ஒன்றுகூடத் தெரியக்கூடாது. அடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும், மணல் போல நெருடும் திட்டு இருக்கக்கூடாது. சியாவின் நடுவில் லேசாகக் கடிபடும், அது இயல்புதான். கடைசியாக, இரண்டு ஸ்பூன் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தத் தண்ணீர் காணாமல் போய்க் கெட்டிப்பட்டால் இன்னும் ஊறவில்லை. மறுபடி ஊற்றிக் காத்திருங்கள்.

5. எதற்கு எது

சப்ஜாவின் கூழ் விதையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், பானத்தைக் கெட்டியாக்காது. அதனால்தான் ரோஸ்மில்க், நன்னாரி, எலுமிச்சைச் சாறு, ஃபலூடா எல்லாவற்றிலும் அது முத்துமுத்தாக மிதக்கிறது. வெயில் காலத்துக்கு அதுதான் பொருத்தம். உலர்ந்த சப்ஜாவை எதிலும் தூவாதீர்கள். கடினமாக இருக்கும், மெல்ல வராது, வாயிலேயே ஊறத் தொடங்கிவிடும்.

சியா சுற்றியிருப்பதையும் சேர்த்துக் கெட்டியாக்கும். ஓட்ஸ், தயிர், பால் புட்டிங், ஸ்மூத்தி இவற்றுக்கு அது சரி. முட்டை சேர்க்காத கேக்குக்கு ஒரு மேசைக்கரண்டி பொடித்த சியாவோடு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் கலந்து 15 நிமிடம் வைத்தால் ஒரு முட்டைக்கு ஈடாகப் பிடிப்புத் தரும். சப்பாத்தி மாவிலும் ஒரு ஸ்பூன் பொடியைச் சேர்த்துப் பிசையலாம். அதில் சிக்கிக்கொள்ளும் பயம் குறைவு, ஏனென்றால் விதை மாவின் ஈரத்திலேயே ஊறி, வெந்து, மென்று விழுங்கப்படுகிறது.

சத்து என்று பார்த்தால், ஒரு மேசைக்கரண்டி சியாவில் ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்தும் 2 கிராம் தாவர வகை ஒமேகா-3 கொழுப்பும் இருக்கின்றன. ஒமேகா-3-க்காகச் சாப்பிடச் சொல்லியிருந்தால் சியாதான் வாங்க வேண்டும். மலச்சிக்கலுக்கு மட்டும் என்றால் சப்ஜாவும் உதவும். தொப்பை கரையும் என்று சொல்லி விற்பதை நம்பி இரண்டில் எதையும் வாங்காதீர்கள். வயிறு நிறைந்த உணர்வு கொஞ்ச நேரம் இருக்கும், அவ்வளவுதான்.

6. அம்மாவுக்கு நாங்கள் செய்வது

மருத்துவர் முதலில் விழுங்கும் சிரமத்தைப் பரிசோதித்தார். அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சியாவுக்குச் சரி சொன்னார். அதுவும் பானமாக வேண்டாம், தயிரோடு குழைத்துக் கொடுங்கள் என்றார். மெல்லிய பானம் தொண்டையில் வேகமாக ஓடும், கெட்டியான உணவை வாய் கட்டுப்படுத்தி இறக்கும் என்பது அவர் தந்த விளக்கம். இது அம்மாவைப் பார்த்துச் சொன்னது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு டீஸ்பூன் சியாவை முக்கால் டம்ளர் தண்ணீரில் கலந்து, ஐந்து நிமிடத்தில் மறுபடி கலக்கி, மூடி ஃப்ரிட்ஜில் வைப்பேன். காலை 11 மணிக்கு வெளியே எடுத்து, குளிர்ச்சி போனதும் விரலால் தேய்த்துப் பார்த்து, அரை கப் கடைந்த தயிரில் சேர்ப்பேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, டீஸ்பூனால் சிறிது சிறிதாகச் சாப்பிடுவார். ஒவ்வொரு வாயும் இறங்கிய பிறகே அடுத்தது. டிவி அணைந்திருக்கும், பேச்சும் கிடையாது. முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். சாப்பிட்ட உடனே படுக்க மாட்டார்.

முதல் வாரம் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகவில்லை. நார்ச்சத்துக்குப் பழகாத வயிற்றில் எடுத்த எடுப்பில் ஒரு மேசைக்கரண்டி போட்டால் உப்புசமும் வாயுவும் வரும். அதன் பிறகு ஒன்றரை, இரண்டு என்று ஏற்றினோம், இரண்டு டீஸ்பூனோடு நிறுத்திக்கொண்டோம், அதுவே அவருக்குப் போதுமாக இருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு விதையை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் இறுகும். குடலடைப்பு வரை போனவர்களும் உண்டு. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதனால்தான் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

7. சிக்கிக்கொண்டால்

இரண்டு வகைச் சிக்கல் உண்டு. செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு வேறு.

மூச்சுக்குழாயில் போனால் இருமல் வரும். பலமாக இருமுகிறவரை இருமவிடுங்கள், தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். குரல் வரவில்லை, இருமவும் முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் அடைத்துவிட்டது. ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். நீங்கள் அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாக 5 தட்டு தட்டுங்கள். போகவில்லை என்றால் பின்னால் நின்று கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுத்து அழுத்துங்கள். வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தக்கூடாது, நெஞ்செலும்பின் மேல் அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றில் அழுத்தக்கூடாது. தலை தாழ முன்கையில் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

உணவுக்குழாயில் அடைத்தால் மூச்சு வரும், பேச்சும் வரும். ஆனால் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே அல்லது மேல் வயிற்றில் அழுத்தம் இருக்கும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார். இப்போது நம் வீடுகளில் உடனே சொல்வது “தண்ணி குடி, வாழைப்பழம் சாப்பிடு, இறங்கிடும்” என்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற விதை இன்னும் வீங்கும், இறங்க வழியில்லாத தண்ணீர் திரும்பி மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். நிமிர்ந்து உட்கார வைத்து, எதுவும் கொடுக்காமல், எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே அழைத்துப் போங்கள். எச்சில் இறங்கவில்லை என்றால் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. என்ன விதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஊறியதா உலர்ந்ததா என்பதைப் போனதும் சொல்லுங்கள். பாக்கெட்டையும் எடுத்துப் போனால் வேலை சுலபம்.

8. மிச்சத்தை வைப்பது

ஊறிய சியாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். சப்ஜாவை நான் மறுநாளுக்கு மேல் வைப்பதில்லை, உறை தளர்ந்து கொழகொழத்துவிடும். எங்கள் சென்னை வெயிலில் இரண்டையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுவதில்லை. புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள். அடுப்பங்கரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாயை அடைத்துவிடும், வடிகட்டியில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில், பெயரும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டி வையுங்கள். பொடித்த சியாவை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். பழைய எண்ணெய் போல வாசம் அடித்தாலோ நாக்கில் கசந்தாலோ அந்தப் பாக்கெட் போனதுதான், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.